நடுக்கட்டிலுக்கு மேலே நான்கு விளக்குகள்

புதன்கிழமை காலை திருச்செல்வம் வந்ததும் வராததுமாகக் கொடுத்த வேலை, உர்சுலாவுக்கு அரைநாள் வேலைகூட இல்லை.

"கிள்ளான் பிரெண்டா சிஸ்டர் பக்கத்து வீட்டையும் வாடகைக்கு எடுத்துட்டாங்க. பழைய வீட்டு சீலிங் பிளானைத் தூக்கி மிரர் பண்ணிப் போட்டுடு. வெள்ளிக்கிழமை கொடுக்கணும். திங்கக்கிழமை பிளாஸ்டர் சீலிங் ஆளுங்க வராங்க."

"போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா பாஸ்?"

"எதுக்கு? ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு. இடது வலதா மாறும், அவ்ளோதானே லா."

பிரிக்பீல்ட்ஸில் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். திருச்செல்வம் வீட்டு உள்ளலங்காரம் செய்பவர். உர்சுலா அவரிடம் பதினொரு வருடமாக வரைபடம் போடுகிறாள். அவர் கையால் கிறுக்கித் தருவதைக் கணினியில் அளவோடு வரைந்து, கொத்தனாருக்கும் தச்சருக்கும் வயர்மேனுக்கும் புரிகிற மாதிரி தாளில் எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு.

பிரெண்டா கிள்ளானில் முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்துகிறார். முன்னாள் தாதி. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தரைவீட்டை எடுத்துத் திருத்தியபோது அதன் வரைபடங்களைப் போட்டவள் உர்சுலாதான். அதற்கப்புறம் அவள் கணவன் ஹென்றி பக்கவாதத்தில் விழுந்து, வலது பக்கமும் பேச்சும் போய், வேலைக்கும் வீட்டுக்குமாக அவள் திண்டாடியபோது, தெரிந்த இடம் என்று அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒன்பது மாதம் அங்கே படுத்திருந்தான். அங்கேயே போய்விட்டான். பதினான்கு மாதம் ஆகிறது.

அவளுக்கு நெஞ்சில் கிடந்த உறுத்தல் அவன் செத்தது மட்டும் அல்ல. அந்த ஒன்பது மாதமும் அவள் போகும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூக்கம் இல்லை, இமைகள் அசைந்துகொண்டிருக்கும். அவள் பேசினால் இன்னும் இறுக்கிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கர நாற்காலியில் வைத்து முன்வாசலுக்குத் தள்ளிப்போனால் மட்டும் திறப்பான். ரோட்டில் போகிற லோரிகளைப் பார்ப்பான். லோரியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டில் வைத்துப் பார்க்காமல் இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டாயே என்கிற கோபம். வேறு என்ன இருக்க முடியும்? அவனிடம் கேட்டுப் பதில் வாங்குகிற நிலையும் இல்லை. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பழைய கோப்பைத் திறந்தாள்.

சீலிங் பிளான் என்பது படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து வரைவது அல்ல. தரை முழுக்கக் கண்ணாடி பதித்திருப்பதாக வைத்துக்கொண்டு, அதில் விழுகிற கூரையின் பிம்பத்தை மேலிருந்து பார்த்து வரைவது. அப்போதுதான் தரைப்படத்தில் இடதுபக்கம் இருக்கிற ஜன்னல் இதிலும் இடதுபக்கமே இருக்கும். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சுவர்மேல் சுவர் உட்காரும். சிறு வட்டம் என்றால் கூரையில் பதிக்கிற டவுன்லைட் விளக்கு. பெரிய வட்டத்துக்குள் மூன்று இறக்கை போட்டால் மின்விசிறி. கதவோரம் சுவிட்ச்; அதிலிருந்து வளைந்து விட்டுவிட்டுப் போகிற கோடு எந்த விளக்கைத் தொடுகிறதோ அந்த விளக்கு அந்த சுவிட்சுக்குச் சொந்தம். கட்டில், நாற்காலி, அலமாரி எதுவும் இந்தத் தாளில் வராது. அவற்றை வரைந்த அடுக்கைக் கணினியில் அணைத்துவிடுவார்கள். கூரைக்காரனுக்குக் கட்டில் எதற்கு?

நடு அறை. அதில்தான் ஹென்றி இருந்தான். முன்னும் பின்னும் அறைகள் அடைத்துக்கொண்டதால் வெளிச்சம் வராத அறை. பகலிலும் விளக்கு எரியும். நடுவில் ஒரு மின்விசிறி, அதைச் சுற்றிச் சதுரமாக நான்கு டவுன்லைட். பார்க்கப் பகடையின் ஐந்து புள்ளி மாதிரி அழகாக இருந்தது. தான் வரைந்ததுதான் என்று உர்சுலா ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாள். பிறகு முழுப் படத்தையும் தேர்ந்தெடுத்து, பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரை அச்சாக வைத்துத் திருப்பிப் போட்டாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வயர்மேன் நாகையா வந்தார். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்; ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேச ஆரம்பிப்பார்.

"அக்கா, பாயிண்ட் எண்ணிக்கிட்டுப் போலாம்னு வந்தேன். பிரிண்ட் இருக்கா?"

அவள் எடுத்துக் கொடுத்தாள். மேசையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டு எண்ணிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

"இந்த சுவிட்சு கதவுக்குப் பின்னாடி போவுது."

"பழைய வீட்டுல சரியாத்தானே இருந்துச்சு?"

"பழைய வீட்டுல. இந்த வீட்டுல முன்னாடி இருந்தவன் கதவைக் கழட்டி மறுபக்கம் மாட்டியிருக்கான். நேத்து நான் போய்ப் பார்த்தேன். இப்படிப் போட்டா, உள்ள வர்றவங்க கதவைச் சாத்திட்டு இருட்டுல தடவணும். வயசானவங்க வீடு அக்கா."

"மாத்திடறேன். நல்ல வேளை சொன்னீங்க."

"அப்புறம் இந்த ஃபேனு." நாகையா பென்சிலால் நடு அறையைத் தட்டினார். சிரித்தார். "உங்க படத்துல எப்பவும் குழந்தை ஃபேன் அக்கா."

"என்ன குழந்தை ஃபேன்?"

"நீங்க போடறது சின்னது. சிஸ்டர் வாங்கித் தர்றது அறுபது இஞ்சு. இந்த நாலு லைட்டும் றெக்கைக்கு மேல வந்துரும். பழைய வீட்டுலயும் அப்படித்தானே இருக்கு? லைட்டைப் போட்டு ஃபேனைப் போட்டா வெட்டும். பழைய சினிமாக் கொட்டாய் மாதிரி."

"வெட்டுதுன்னு தெரிஞ்சுதான் மாட்டுனீங்களா?"

"படத்துல இருக்கற மாதிரி மாட்டினேன். நான் பழைய பாஸ் சைட்டுல ஒருதடவை இடத்தை மாத்தி வச்சு, கழட்டி மறுபடி மாட்டுன்னு திட்டு வாங்கினவன். அதுலருந்து கோடு எங்க இருக்கோ லைட்டு அங்க. அதோட நின்னுக்கிட்டுப் பார்த்தா யாருக்குத் தெரியும்? நீங்களே எத்தனை தடவ அந்த ரூமுக்குப் போயிருப்பீங்க. தெரிஞ்சுதா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

உர்சுலா கணினியில் மின்விசிறியின் விட்டத்தை அளந்தாள். தொள்ளாயிரம் மில்லிமீட்டர். முப்பத்தாறு அங்குலம்கூட முழுதாக இல்லை. அந்தச் சின்னத்தை யார் வரைந்தது என்பதில் சந்தேகமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பிற்பகலில், தாளில் பார்க்கப் பாங்காக இருக்கட்டும் என்று தோராயமாக ஓர் அளவு வைத்து அவளே வரைந்து சேமித்துவைத்தது. பதினொரு வருடமாக எல்லா வேலையிலும் அதுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அறுபது அங்குலம் என்றால் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்து நான்கு. அந்த அளவில் ஒரு வட்டம் போட்டாள். விசிறியின் நடுவிலிருந்து ஒவ்வொரு விளக்கும் அறுநூற்று முப்பத்தாறு மில்லிமீட்டரில் இருந்தது. இறக்கையின் நுனியோ எழுநூற்று அறுபத்திரண்டில். நான்கு விளக்கும் வட்டத்துக்கு உள்ளே, அரைச் சாண் போல உள்ளே விழுந்தன.

பிறகு அவள் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். அணைத்துவைத்திருந்த கட்டில் அடுக்கைத் திறந்தாள். மூன்று கட்டில்கள், தலைமாடு சுவரோடு. நடுக்கட்டிலின் தலையணையிலிருந்து விசிறி எதிரே இருந்தது. தலைக்கு நேர் மேலே இல்லை, முழங்காலுக்கு மேலே. மல்லாந்து படுத்தவனின் கண் தானாகப் போய் நிற்கிற இடம்.

அது போதாதென்று பக்கவாட்டில் ஒரு வெட்டுப்படம் போட்டாள். கூரை இவ்வளவு உயரம், விசிறி கூரையிலிருந்து ஓரடி கீழே, தலையணைமேல் கண் இந்த உயரத்தில். கண்ணிலிருந்து விளக்குக்கு ஒரு நேர்கோடு. நான்கு கோடும் இறக்கைகளைக் கிழித்துக்கொண்டுதான் மேலே போயின.

"நாகையா, கிள்ளானுக்குப் போறீங்களா இன்னைக்கு?"

"போவேன். ஏன்?"

"நானும் கொமுட்டர்ல வந்துடறேன். பன்னெண்டரைக்கு அங்க இருங்க."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எதுவும் யோசிக்கக்கூடாது என்று கைப்பையில் இருந்த பழைய ரசீதுகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே வந்தாள்.

நாகையா வாசலில் காத்திருந்தார். இல்லத்தில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நடு அறையில், ஓரக்கட்டில்கள் இரண்டிலும் இருந்தவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். நடுக்கட்டிலில் இருந்தவர் திரும்ப முடியாதவர். இடுப்பு எலும்பு உடைந்தவர். முகத்தின்மேல் ஒரு சின்னத் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. நல்ல வெளிச்சமான, காற்றோட்டமான, துப்புரவான அறை.

உர்சுலா கட்டிலோரம் முட்டிபோட்டு, தலையணையின் மட்டத்துக்குத் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள்.

வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. நான்கு மூலையிலும் விளக்கு துண்டு துண்டாக நறுக்கி விழுந்தது. மூச்சு இரண்டு இழுப்பதற்குள் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. தன்னை அறியாமல் மூடிக்கொண்டாள். மூடினாலும் இமைக்கு வெளியே அது அடித்துக்கொண்டேதான் இருந்தது. இன்னும் இறுக்கி மூடினாள்.

"யாரது?" துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான்தான் அங்கிள். லைட்டைப் பார்க்க வந்தோம்."

"பல்பு மாத்தாதீங்க. மூணு தரம் மாத்தியாச்சு. பல்புல ஒண்ணுமில்ல."

நாகையா சுவரோரம் போய் விளக்கை அணைத்தார். நான்கும் ஒரே சுவிட்சில் இருந்தன, நான்கும் அணைந்தன. பெரியவர் கொஞ்சம் பொறுத்துத் துண்டை எடுத்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, மங்கலில் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ ஹென்றி பொண்டாட்டி இல்ல?"

அவளுக்கும் அப்போதுதான் ஆளைத் தெரிந்தது. ரெங்கசாமி. ஹென்றி இருந்தபோது அந்த ஓரக்கட்டிலில் இருந்தவர். அப்போது ஊன்றுகோலோடு நடமாடிக்கொண்டிருந்தார்.

"ஆமா அங்கிள்."

"இந்த இடம் உம் புருஷன் இடம். எனக்கு இடுப்பு போனப்புறம் நர்சுக்குத் தோதா இருக்கும்னு நடுவுல போட்டாங்க. வந்து படுத்தப்பறம்தான் தெரிஞ்சுது அவன் ஏன் கண்ணைத் தொறக்கலன்னு. நான்கூட, மனுசன் ரொம்ப அழுத்தக்காரன்னு நெனச்சிருந்தேன்."

"சொல்லக்கூடாதா அங்கிள்?"

"சொன்னேனே. சொன்னா பல்பை மாத்துறாங்க. எனக்கு வாயி இருக்கு, துண்டு எடுத்துப் போட்டுக்க ரெண்டு கையி இருக்கு. அவனுக்கு வாயும் இல்ல, இருந்தது ஒரே கையி." அவர் தன் இடக்கையைக் கட்டில் கம்பியின்மேல் வைத்துக் காட்டினார். "நீ வர்ற நேரம் ஆனா இப்படி வச்சிக்குவான். உன் செருப்புச் சத்தம் கேட்டா இந்தக் கையி வந்துரும். மத்த யாருக்கும் வராது."

அந்தக் கை அவளுக்கு ஞாபகம் இருந்தது. கம்பி கையைக் குத்துமே என்று ஒவ்வொரு தடவையும் எடுத்துப் போர்வைக்குள் வைத்தவள் அவள்தான்.

நாகையா மெதுவாக வெளியே போய்விட்டார். உர்சுலா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ரெங்கசாமி அவளைப் பார்க்காமல் அணைந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னறையில் பிரெண்டா மாத்திரைப் பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒரு விஷயம். நடு ரூமுல ஃபேன் லைட்டை வெட்டுது. படுத்திருக்கறவங்களால கண்ணைத் தொறக்க முடியல. பல்பு இல்ல, படம் தப்பு. நான் போட்ட படம்."

பிரெண்டா மாத்திரையைக் கீழே வைத்தார். "ஹென்றி சார்ட்ல நான் என்ன எழுதியிருக்கேன் தெரியுமா உர்சுலா? ஒன்பது மாசமும், ட்ரௌசி. கண் மூடியே இருக்கார். நாள் தவறாம எழுதியிருக்கேன். முப்பது வருஷம் நர்சு. ஒருநாளும் அந்தக் கட்டில்ல தலையை வச்சுப் பார்க்கல."

"நானும்தான்."

இருவருக்கும் பேச வேண்டியது வேறு இருந்தது.

"இப்ப கூரையை உடைக்க முடியாதும்மா. மூணு பேரை எங்க போடுவேன்? தூசி வேற. பின் ரூம்ல ஆக்ஸிஜன்ல ஒருத்தர் இருக்கார்."

"உடைக்க வேணாம். புது வீடு முடியட்டும், மூணு பேரையும் அங்க மாத்திட்டு அப்புறம் இதைச் செய்யலாம். அதுவரைக்கும் ஃபேனை மாத்துவோம். நாற்பத்திரண்டு இஞ்சு போட்டா றெக்கை லைட்டுக்கு நாலு விரல் உள்ளயே நின்னுரும். படுத்துப் பார்க்கற கோணத்துக்கும் தப்பிக்கும், அளந்துட்டேன். காத்துதான் குறையும்."

நாகையா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "அதே கொக்கிதான் சிஸ்டர். காங்கிரீட்டுலருந்து தொங்குது, பிளாஸ்டரைத் தொட வேணாம். அரைமணி வேலை. இன்னிக்கே போட்டுடறேன்."

மாலை திருச்செல்வம் போனில் அழைத்தார். நாகையா சொல்லியிருக்க வேண்டும்.

"உர்சுலா, திருத்திக் கொடு, நல்லது. ஆனா படத்துல ரெவிஷன்னு மட்டும் போடு. நம்ம தப்புன்னு எழுதிக் குடுக்காத. நாளைக்கு இன்னொருத்தன் அதைத் தூக்கிக்கிட்டு வருவான்."

"வரட்டும் பாஸ். அந்தக் குழந்தை ஃபேனு பதினொரு வருஷமா எல்லாப் படத்துலயும் இருக்கு. எழுதலைன்னா நாளைக்கு நானே மறுபடி காப்பி பண்ணுவேன்."

"உன் பேரும்தான் அதுல இருக்கும்."

"என் பேருதானே இருக்கணும்?"

"வெள்ளிக்கிழமை முடியுமா அதையாவது சொல்லு," என்றார்.

முடித்தாள். சுங்கை வே வீட்டில் விடியற்காலையில் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, முதல் காரியமாக அந்தக் குழந்தை ஃபேன் சின்னத்தை அழித்தாள். நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, அறுபது என்று மூன்று மின்விசிறிகளை உண்மை அளவில் புதிதாக வரைந்தாள். ஒவ்வொன்றின் மேலும் அங்குலத்தை எழுதினாள். புது வீட்டின் நடு அறையில் விளக்குகளை விசிறியைவிட்டு விலக்கி, கால்மாட்டுச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். வெட்டுப்படத்தில் கண்ணிலிருந்து கோடு இழுத்தாள். இறக்கை நுனிக்கு முக்கால் அடி தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு தலைமாட்டிலும் சுவரோடு ஒரு மூடிய சிறு விளக்கு, கை எட்டுகிற இடத்தில் அதற்கென்று தனிச் சுவிட்ச். பொது விளக்கையும் விசிறியின் ரெகுலேட்டரையும் கதவின் திறக்கிற பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். நடைக்கூடத்து விளக்குக்கு இரண்டு முனையிலும் சுவிட்ச். வாசலில் போட்டுக்கொண்டு வருகிறவள் சமையலறைப் பக்கம் அணைத்துவிட்டுப் போகலாம். கட்டில்களை இந்தத் தடவை அணைக்கவில்லை. விட்டுவிட்டு இழுத்த மெல்லிய கோட்டில், தலையணையோடு, தாளிலேயே விட்டாள்.

தாளின் ஓரத்துத் திருத்தக் கட்டத்தில் எழுதினாள்: மின்விசிறி உண்மை அளவுக்கு மாற்றப்பட்டது. முந்தைய படத்தில் அளவு தவறு. வரைந்தவர் உ.ஹெ.

அதே வாரக் கடைசியில் ரெங்கசாமியைப் போய்ப் பார்த்தாள். துண்டு தோளில் கிடந்தது. கண்ணை அகலத் திறந்துகொண்டு, காற்றே வரவில்லை, எவன் இந்தப் பொம்மை ஃபேனை மாட்டினது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

புது வீடு ஆறு வாரத்தில் முடிந்தது. ஒப்படைக்கிற நாள் காலையில் கட்டில்கள் வந்து இறங்கியிருந்தன. மெத்தையில் உறைகூடப் பிரிக்கவில்லை. உர்சுலா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கட்டிலிலும் ஏறி மல்லாந்து படுத்தாள். நாகையா கதவோரம் நின்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார்.

"எட்டுக் கட்டிலாச்சு அக்கா. பிளாஸ்டிக்குல வழுக்கி விழுந்துறாதீங்க. அப்புறம் சிஸ்டர் உங்களையே அட்மிஷன் போட்டுருவாங்க."

"நீங்க லைட்டைப் போடுங்க."

நடு அறைக்கு வந்தார்கள். அவள் நடுக்கட்டிலில் படுத்தாள். தலைக்குக் கீழே உறை கரகரத்தது. கால்மாட்டில் விளக்குகள் எரிந்தன. விசிறி சுற்ற ஆரம்பித்தது. இறக்கைகள் ஒன்றில் ஒன்று கலந்து சாம்பல் நிற வட்டமாகி, வெறும் வெள்ளைக் கூரைக்குக் கீழே ஓடின. வெளிச்சம் அசையாமல் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றக் கட்டில்களில் ஒரு நிமிடம் பார்த்தவள் இதில் எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்து காதோரம் வழிந்தது, அப்போதும் மூடவில்லை.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல. முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். ஃபேனை அஞ்சுல வைங்க, பார்ப்போம்."